குளிர்மானி என்று ஒரு பெயர்

காற்றில் உள்ள ஈரத்தை அளக்கும் கருவியைத் தமிழில் ஈரமானி என்கிறோம். கிரேக்க வேரிலிருந்து வந்த ஹைக்ரோமீட்டருக்கும் அதே பொருள்தான். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒரு கருவியின் பெயரில் மட்டும் ஈரமே இல்லை. அது சைக்ரோமீட்டர். ‘ப்சுக்ரோஸ்’ என்றால் கிரேக்கத்தில் குளிர்ந்தது, ‘மெட்ரோன்’ என்றால் அளவு. நேராகச் சொன்னால் குளிர்மானி. ஈரத்தை அளக்கும் கருவிக்கு ஏன் குளிரின் பெயர்?

பெயரை வைத்தவர் பெர்லினில் பள்ளி ஆசிரியராக இருந்த எர்ன்ஸ்ட் ஃபெர்டினாண்ட் ஆகஸ்ட். 1820களில் அவர் ஆராய்ந்தது, நீர் ஆவியாகும்போது உண்டாகும் குளிர்ச்சியை. அதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டில், எடின்பரோவில் ஜேம்ஸ் ஹட்டன் வெப்பமானியின் குமிழை நனைத்துப் பார்த்து, அளவு எவ்வளவு இறங்குகிறது என்று கவனித்திருந்தார். ஆகஸ்ட் அதைக் கணக்குக்கு உட்பட்ட கருவியாக்கினார். ஈரம் பட்டால் நீளும் தலைமயிரைக் கொண்ட ஈரமானி அப்போது வழக்கில் இருந்தது. இவருடைய கருவியோ ஈரத்தைத் தொடுவதில்லை. குமிழ் எவ்வளவு குளிர்ந்தது என்பதை மட்டுமே காட்டுகிறது. ஈரத்தை அதிலிருந்து நாம்தான் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். செய்யும் வேலையை அப்படியே சொல்லும் பெயர் அது.

வேர் இன்னும் ஆழமாகப் போகிறது. ‘ப்சுக்ரோஸ்’ என்ற சொல்லுக்குத் தாய் ‘ப்சுகோ’ என்ற வினை. ஊதுதல், ஊதிக் குளிர்வித்தல் என்று அதற்குப் பொருள். மூச்சையும் உயிரையும் குறிக்கும் ‘ப்சுகே’ என்ற சொல்லையும் இதே வேரோடு சேர்ப்பார்கள். உளவியலின் ஐரோப்பியப் பெயர் அதிலிருந்து பிறந்ததுதான். உறவில்லாத நம் மொழியிலும் ஒரு சொல் இப்படி நிற்கிறது. ‘ஆவி’ என்றால் நீராவி. மூச்சும் உயிரும் ஆவிதான். இந்தக் கருவி அளக்க விரும்புவது அந்த ஆவியை. அதற்கு வழி, ஊதிக் குளிர்விப்பது.

ஊதுவதற்கு மிக எளிய வழி, கருவியையே சுழற்றுவது. கவணில் கல்லை வைத்துச் சுழற்றுவதுபோல் சுழற்றுவதால் அதற்குக் கவண் சைக்ரோமீட்டர் என்று பெயர். ஒரு சட்டத்தில் இரண்டு வெப்பமானிகள் இருக்கும். ஒன்றின் குமிழ் உலர்ந்திருக்கும். மற்றதன் குமிழுக்கு மெல்லிய மல்துணி உறை. அதை வாலைவடிநீரில் நனைக்க வேண்டும். நிழலில், காற்று வரும் பக்கம் பார்த்து நின்று, உடலிலிருந்து தள்ளிப் பிடித்து அரை நிமிடம் சுழற்ற வேண்டும். நிறுத்தியதும் முதலில் ஈரக்குமிழைப் படிக்க வேண்டும், ஏனென்றால் அதுதான் உடனே ஏறத் தொடங்கும். அடுத்தடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக வரும்வரை இதைத் திரும்பச் செய்வார்கள்.

கடல்மட்டத்தில் ஓர் ஊரில் உலர்குமிழ் 30 டிகிரி செல்சியஸ், ஈரக்குமிழ் 25 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரியில் காற்று தாங்கக்கூடிய ஆவியின் அழுத்தம் 31.7 ஹெக்டோபாஸ்கல். குமிழ் குளிர்ந்த ஒவ்வொரு டிகிரிக்கும் இதில் ஏறத்தாழ 0.67 கழிக்க வேண்டும். ஐந்து டிகிரிக்கு 3.35 போனால் மீதி சுமார் 28.3. காற்றில் உண்மையில் இருக்கும் ஆவி அதுதான். 30 டிகிரியில் நிறைவளவு 42.4. இரண்டையும் வகுத்தால் ஒப்பு ஈரப்பதம் 67 சதவீதம். காற்று முழுக்க நிறைந்திருந்தால் துணியிலிருந்து நீர் போக இடமிராது. இரண்டு குமிழும் ஒரே அளவில் நிற்கும்.

அந்த 0.67 நன்கு வீசும் காற்றுக்கும் கடல்மட்ட அழுத்தத்துக்கும் உரிய எண். மலையில் காற்றழுத்தம் குறைவதால் எண்ணும் குறையும். அங்கே வேறு அட்டவணை வேண்டும். குமிழைக் கடக்கும் காற்று நொடிக்கு மூன்று மீட்டருக்குக் குறைந்தால், துணியைச் சுற்றித் தேங்கும் ஈரமே ஆவியாதலைத் தடுக்கும். துணியில் உப்போ அழுக்கோ ஏறினாலும் குளிர்ச்சி குறையும். மேலே சொன்ன காற்றில் ஈரக்குமிழ் 25க்குப் பதில் 26 காட்டிவிட்டால் விடை 73 சதவீதமாகிவிடும். தவறு பெரும்பாலும் ஒரே திசையில்தான் வரும்: போதுமான அளவு குளிராத குமிழ், இல்லாத ஈரத்தைக் காற்றில் இருப்பதாகச் சொல்லும். மறுபடி வேகமாகச் சுழற்றும்போது ஈரக்குமிழ் இன்னும் இறங்கினால், முன்பு படித்தது பிழை என்று தெரிந்துகொள்ளலாம்.

குளிர் என்று பெயர் தொடங்கினாலும் அதன் வேர் ஊதல்தான். அந்த ஊதல் குறைந்தால் கருவி சொல்லும் குளிரும் பொய்யாகிவிடுகிறது.