மலாய்ச் சம்பளச் சீட்டு

மலேசியாவில் முதலாளி ஊழியருக்கு மாதந்தோறும் தரும் கணக்குச் சீட்டு 'ஸ்லிப் காஜி' எனப்படும். கிள்ளான் துறைமுகக் கிடங்கிலோ பிரிக்பீல்ட்ஸ் கடையிலோ புதிதாகச் சேர்ந்தவர், அதைக் கைப்பேசியில் படமெடுத்து விவரம் தெரிந்த உறவினருக்கு அனுப்பிக் கேட்பது உண்டு. மலாய் நன்றாகப் பேசுபவரையும் இந்தச் சீட்டு குழப்பும். அதிலுள்ள சொற்களுக்குத் தெருவில் ஒரு பொருள், கணக்கில் வேறொரு பொருள்.

'போகோக்' என்றால் மரம். சீட்டில் 'காஜி போகோக்' என்பது அடிப்படைச் சம்பளம். 'காசார்' என்றால் சொரசொரப்பு. 'காஜி காசார்' என்பது பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தச் சம்பளம். 'பெர்சே' என்றால் சுத்தம்; 'காஜி பெர்சே' என்பது கையில் சேரும் தொகை. 'எலாவுன்' படி, 'பொத்தோங்ஙான்' பிடித்தம், 'சாருமான்' சந்தா.

2025ஆம் ஆண்டு நிலவரப்படி ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். கிடங்கில் வேலை செய்யும் மலேசியக் குடிமகன் ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 2,080 ரிங்கிட், பயணப்படி 120. அந்த மாதம் 10 மணி நேரம் ஓவர்டைம் செய்திருக்கிறார். ஓவர்டைமுக்கு மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் நாள் கூலி 80 ரிங்கிட். அதை 8 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 10. ஒன்றரை மடங்கு 15. ஆக ஓவர்டைம் 150. மூன்றையும் கூட்டினால் காஜி காசார் 2,350 ரிங்கிட்.

இந்த 2,350இல் 11 விழுக்காட்டைச் சேமநிதிக்குப் பிடித்திருப்பார்கள் என்று எண்ணுவதில்தான் பலர் தவறுகிறார்கள். கே.டபிள்யூ.எஸ்.பி. எனப்படும் ஊழியர் சேமநிதிக்குப் பயணப்படியும் ஓவர்டைமும் கணக்கில் வராது. 2,080க்கு மட்டும் அட்டவணைப்படி 229 ரிங்கிட் பிடிபடும். பெர்கெசோ, அதாவது நம்மவர் சொக்சோ என்று சொல்லும் சமூகப் பாதுகாப்பு, ஓவர்டைமைச் சேர்த்துக்கொள்ளும், பயணப்படியை விட்டுவிடும். எனவே அங்கே அடிப்படை 2,230, பிடித்தம் 11.25. எஸ்.ஐ.பி. எனும் வேலைக் காப்புறுதிக்கும் அதே அடிப்படைதான், பிடித்தம் 4.50. பி.சி.பி. என்பது மாதாந்திர வருமான வரி. தனியாளாக இந்தச் சம்பளம் வாங்குபவருக்கு அது பூஜ்யம். பிடித்தம் மொத்தம் 244.75, கையில் 2,105.25.

படிகள் எல்லாம் ஒன்றல்ல என்பதால் எலாவுன் வரியை நின்று படிக்க வேண்டும். உணவுப்படி, வருகைப்படி போன்றவை ரொக்கமாகக் கொடுக்கப்பட்டால் சேமநிதிக் கணக்கில் சேரும். ஒரே தொகையைப் 'பயணப்படி' என்று பெயர் மாற்றி எழுதினால் கையில் வருவது சற்றே கூடும். ஆனால் முதலாளி போட வேண்டிய பங்கும் சேர்ந்தே குறையும். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டும் அடிப்படைச் சம்பளத்தையே குறிக்கும். 1,500 அடிப்படையும் 200 படியும் தந்து கணக்கை நேர்செய்ய முடியாது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், மற்றவற்றுக்கு ஆகஸ்ட் 1 முதலும் இது நடப்பில் உள்ளது.

படத்தில் நேரும் பெரிய குழப்பம் 'மஜிக்கான்' பத்தியால் வருகிறது. மஜிக்கான் என்றால் முதலாளி. மேலே சொன்னவரின் சீட்டில் அந்தப் பத்தியில் 271, 39.35, 4.50 என்று இருக்கும். கூட்டினால் 314.85. இது முதலாளி தம் கையிலிருந்து கட்டுவது. படம் சாய்வாக எடுக்கப்பட்டோ மேல்வரி வெட்டப்பட்டோ இருந்தால் தலைப்பு மறைந்து, இதுவும் ஊழியரிடம் பிடித்ததுபோல் தெரியும். அதையும் கழிப்பவருக்கு 1,790.40 என்று வரும். வங்கியில் விழுந்த தொகையோடு அது ஒத்துப்போகாது. மொத்தத்திலிருந்து பிடித்தத்தைக் கழித்தால் கீழ்வரியில் உள்ள நிகரத் தொகை வர வேண்டும். வராவிட்டால் முதலில் படத்தைச் சந்தேகிக்கலாம்: மடிப்பில் 3, 8 ஆகிவிடும், காசுப் புள்ளி மங்கினால் 11.25 ஆயிரத்து நூற்றிருபத்தைந்தாகத் தெரியும்.

புதியவரின் முதல் சீட்டில் இன்னொன்று உண்டு. 30 நாள் மாதத்தில் 16ஆம் தேதி சேர்ந்தவருக்கு 2,080இல் 15/30 பங்கு, அதாவது 1,040 ரிங்கிட் வரும். முழுமையடையாத மாதத்துக்கு அந்த மாதத்தின் நாள்களால் வகுக்க வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தில் உள்ள விதி. 26 என்ற எண் ஓவர்டைமுக்கு உரியது. இரண்டையும் கலந்தால் கணக்கு பிசகும்.

மேற்கண்ட விகிதங்கள் குடிமக்களுக்கு உரியவை. வெளிநாட்டுத் தொழிலாளருக்கு 2025 அக்டோபர் சம்பளம் முதல் சேமநிதிப் பிடித்தம் 2 விழுக்காடு, எஸ்.ஐ.பி. கிடையாது.

பிடித்த பணம் கட்டப்பட்டதா என்பதைச் சீட்டு சொல்லாது. முதலாளி தம் பங்கையும் சேர்த்து அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அதன்பின் சேமநிதியின் ஐ-அக்காவுன் செயலியைத் திறந்தால், மேலே சொன்ன ஊழியருக்கு 229உம் 271உம் சேர்ந்து 500 ரிங்கிட் ஏறியிருக்க வேண்டும்.