வாடிக்கையாளர் சான்றுரையும் நேர்வுக் குறிப்பும்

சேவையைப் பெற்றவர் அதனால் கண்ட பயனைத் தம் சொற்களில் கூறுவது சான்றுரை எனப்படும். அக்கூற்றை நடுவில் வைத்து, வேலைக்கு முன்பிருந்த நிலை, செய்த வேலை, விளைவு ஆகியவற்றை ஏறத்தாழ ஒரு பக்கத்தில் விவரிப்பது நேர்வுக் குறிப்பு, வணிக வழக்கில் கேஸ் ஸ்டடி, எனப்படும்.

மருந்து மொத்த விற்பனைக் கடை ஒன்றுக்குப் பேட்ச் எண், காலாவதித் தேதி ஆகியவற்றுடன் கணினியில் இருப்புக் கணக்கு அமைத்துத் தருபவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவர் வேலையை ஒப்படைத்த அன்றே சான்றுரை கேட்டால், அனுபவிக்காத பயனைக் கடைக்காரர் சொல்ல இயலாது. இரண்டு மூன்று மாதக் கடைசிகளில் சரக்கு எண்ணி முடித்தபின், அவரே மகிழ்ச்சி தெரிவிக்கும் வேளையில் கேட்பதே பொருந்தும். அப்போதும், "நாலு வரி எழுதித் தாங்க" என்று பொதுவாகக் கேட்டால், "சர்வீஸ் ரொம்ப நல்லா இருந்தது" என்பது போன்ற, எக்கடைக்கும் பொருந்தக்கூடிய பாராட்டே கிடைக்கும். முன்பு எண்ண எத்தனை பேருக்கு எத்தனை நாளாயிற்று, வேலையைக் கொடுக்கத் தயங்கியது ஏன், இப்போது என்ன மாறியுள்ளது என்னும் மூன்று வினாக்களைத் தொலைபேசியில் கேட்டு, விடையை அப்படியே குறித்துக்கொண்டால் நிலைமை மாறும்:

"முன்னெல்லாம் நாலு பேர் ரெண்டு நாள் எண்ணுவோம். இப்ப ரெண்டு பேர் ஒரே நாள்ல முடிச்சிடுறாங்க. பில் போடுற பையனுக்குக் கம்ப்யூட்டர் வராதேன்னுதான் பயந்தேன்."

இவற்றுள் தயக்கத்தைப் பற்றிய வினாவே மிகுந்த பயனுடையது. ஏனெனில் குறிப்பைப் படிக்கும் அடுத்த கடைக்காரருக்கும் அதே அச்சம் இருக்கக்கூடும். எனவே நேர்வுக் குறிப்பு அந்த அச்சத்தில் தொடங்கி, பில் போடுபவருக்கு எவ்வாறு பயிற்சி அளிக்கப்பட்டது என்பதை விளக்கி, 8 ஆள்நாள் வேலை 2 ஆள்நாளாகக் குறைந்ததில் முடியலாம். இதையே "செலவு 75 விழுக்காடு குறைந்தது" என்று எழுதுவது பிழை. குறைந்தது சரக்கு எண்ணும் உழைப்பு மட்டுமே. முன்னிலையின் அளவை வேலை தொடங்கும்போதே குறித்து வைக்காவிட்டால், பிற்பாடு நினைவிலிருந்து சொல்லப்படும் எண் பெரும்பாலும் மிகைப்பட்டுவிடும்.

கூற்றைச் சுருக்கலாம், பொருளை மாற்றலாகாது. கடைப்பெயர், எண்கள், புகைப்படம் ஆகியவற்றை வெளியிடுவதற்கு, முழு வரைவையும் காட்டி எழுத்துவழி ஒப்புதல் பெற வேண்டும். பெயரை வெளியிட விரும்பாதவரை "ஒரு மருந்து மொத்த விற்பனையாளர்" எனக் குறிக்கலாம், ஆயினும் நம்பகம் ஓரளவு குறையும். சான்றுரைக்காகக் கட்டணச் சலுகை தருவது கூற்றின் நம்பகத்தைப் பாதிக்கும் தொடர்பாகும். இந்திய மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு விளம்பர வழிகாட்டு நெறிகள், படிப்பவர் எதிர்பார்க்காத இத்தகைய தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்கின்றன. விளம்பரத்தில் இடம்பெறும் கருத்து உண்மையானதாகவும் ஓரளவு அண்மைக் காலத்ததாகவும் இருக்க வேண்டும் எனவும் அவை கோருவதால், கடைக்காரர் பின்னர் வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டால் பழைய சான்றுரையை நீக்கிவிடுவதே முறையாகும்.