பழக்கிவிடுவது ஒரு கம்பெனி, கூட்டிக்கொண்டு போவது இன்னொரு கம்பெனி: தொழிற்பயிற்சியும் சம்பளப் பேச்சும்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

கீழ்க்கட்டளையிலிருந்து பேசறேன். ஒப்பீட்டு அரசியல் பொருளாதாரத் தாள் எழுதற மாணவர்கள் சிலர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்காங்க. ஒருங்கிணைந்த சந்தைப் பொருளாதாரம், தாராளச் சந்தைப் பொருளாதாரம்னு பிரிக்கிறாங்களே, இதுல நம்ம ஊர் எங்க வருதுன்னு கேக்கறாங்க. பீட்டர் ஹால், டேவிட் சோஸ்கிஸ் ரெண்டு பேரும் 2001ல தொகுத்து வெளியிட்ட புத்தகத்தால பரவின பிரிவினை இது. ஜெர்மனி ஒரு பக்கம், அமெரிக்காவும் பிரிட்டனும் இன்னொரு பக்கம்.

நான் இன்னைக்கு எடுத்துக்கப் போறது அதுல ஒரே ஒரு முடிச்சைத்தான். தொழில் கத்துக்கொடுக்கறதும் சம்பளம் பேசறதும் தனித்தனி விஷயங்கள் மாதிரித் தெரியும். ஆனா ஒண்ணு இல்லாம இன்னொண்ணு நிக்காது. நாம 1961ல ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டோம். அதனால என்ன ஆச்சுன்னு பாக்க ரொம்ப தூரம் போக வேண்டாம். மறைமலை நகர் வரைக்கும் போனா போதும்.

முதல்ல ஒரு கணக்கு

கணக்குக்காக ஒரு உதாரணம் வச்சுக்கலாம். பக்கத்து பக்கத்துல ரெண்டு கம்பெனி. முதல் கம்பெனி ஒரு ஐ.டி.ஐ. பையனை எடுத்து ரெண்டு வருஷம் ஃபிட்டர் வேலை பழக்குது. சொல்லிக்கொடுக்கறவரோட நேரம், மெஷின் நேரம், வீணாப்போன பொருள் எல்லாம் சேர்த்து 3 லட்சம் ரூபாய் செலவு. பழகி முடிச்ச பையன் எந்தக் கம்பெனிக்கும் மாசம் 32,000 ரூபாய்க்குச் சமமான வேலை பாப்பான். போட்ட 3 லட்சத்தை அஞ்சு வருஷத்துல எடுக்கணும்னா மாசம் 5,000 பிடிக்கணும். அப்போ அவனுக்கு 27,000 தான் கொடுக்க முடியும். ரெண்டாவது கம்பெனி பழக்கறதுக்கு ஒரு பைசா செலவு பண்ணல. அது 30,000 கொடுத்துக் கூப்பிட்டாலும் அதுக்கு 2,000 மிச்சம்.

பையன் போயிடுவான். அவன்மேல தப்பே இல்லை. ஆனா அடுத்த வருஷம் முதல் கம்பெனி பழக்கறதை நிறுத்திடும். எல்லாருக்கும் பழகின ஆள் வேணும், பழக்க ஒருத்தரும் இல்லைங்கற நிலை வந்துடும்.

தாராளச் சந்தையில இதுக்குக் கிடைக்கற விடையை கேரி பெக்கர் 1960கள்லயே எழுதிட்டார். எங்க போனாலும் செல்லுபடியாகற திறமைக்குக் கத்துக்கறவனே செலவழிப்பான். நம்ம மொழியில சொன்னா, அப்பா கடன் வாங்கி பாலிடெக்னிக்லயும் இன்ஜினியரிங் காலேஜ்லயும் பணம் கட்டுவார். இந்தத் தென்சென்னைப் புறநகர்ல பாதி வீடுகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

ஜெர்மனி எப்படி அவிழ்த்தது

ஜெர்மனியோட கதை விசித்திரமா ஆரம்பிக்குது. 1897ல ஒரு கைவினைஞர் சட்டம் வந்தது. தொழில் பழகுநருக்குப் பயிற்சி தர, தேர்வு வைக்க, சான்றிதழ் கொடுக்கற அதிகாரத்தைக் கைவினைஞர் சபைகளுக்குக் கொடுத்தது. இது தொழிலாளிக்காக வந்த சட்டம் இல்லை. வளர்ந்துக்கிட்டிருந்த சோஷலிஸ்ட் இயக்கத்துக்கு எதிரா சின்னச் சின்னப் பட்டறை முதலாளிகளைத் தன் பக்கம் வச்சுக்க அரசு பண்ணின ஏற்பாடு. கேத்லீன் தெலன் 2004ல எழுதின புத்தகத்துல இந்தத் திருப்பத்தை விரிவாச் சொல்றாங்க. யாரை ஒதுக்க அந்த ஏற்பாடு வந்ததோ, அதே தொழிற்சங்கங்கள் பின்னாடி அதைத் தங்களோடதா ஆக்கிக்கிட்டாங்க. 1969ல தொழிற்பயிற்சிச் சட்டம் வந்தப்போ சங்கங்களுக்கு அதுக்குள்ள முறையான இடம் கிடைச்சது.

இன்னைக்கு அங்க ஒரு தொழிற்சாலை மெக்கானிக் ஆக மூன்றரை வருஷம் பழகணும். கடைசித் தேர்வை அவன் வேலை பாத்த கம்பெனி வைக்கறது இல்லை. தொழில் சபையோட தேர்வுக் குழு வைக்குது. அதுல முதலாளிகள் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில இருப்பாங்க. தொழிற்பள்ளி ஆசிரியரும் உண்டு. ஒரே மெஷின்ல நிக்கவச்சு வேலை வாங்கியிருந்தா பையன் அங்க தோத்துடுவான், கம்பெனியோட லட்சணம் வெளிய வந்துடும்.

இதுவரைக்கும் பயிற்சி. இப்போ சம்பளம். உலோகத் தொழில்ல ஐ.ஜி. மெட்டால் சங்கம் ஒவ்வொரு கம்பெனி வாசல்லயும் தனித்தனியாப் பேசறதில்லை. அந்த வட்டாரத்து முதலாளிகள் சங்கத்தோட மொத்தத் தொழிலுக்கும் பேசுது. அந்த ஒப்பந்தத்துல மூலைச் சம்பளம்னு ஒண்ணு உண்டு. தொழிற்பயிற்சி முடிச்ச தொழிலாளிக்கான படி அது. அதை நூறு சதவீதம்னு வச்சு, கீழ இருக்கற படிகளும் மேல இருக்கற படிகளும் இத்தனை சதவீதம்னு கணக்காகும்.

அதாவது சான்றிதழும் சம்பளப் படியும் ஒண்ணோட ஒண்ணு பூட்டியிருக்கு. இப்போ நம்ம கணக்குக்குத் திரும்புங்க. ரெண்டு கம்பெனியும் அந்தப் படிக்குக் கிட்டத்தட்ட ஒரே சம்பளம்தான் கொடுக்கும். கூடக் கொடுக்கச் சட்டத்துல தடை இல்லை. ஆனா ஒருத்தனுக்குக் கூட்டினா உள்ள இருக்கறவங்களும் கேப்பாங்க. அதனால 3,000 ரூபாய் ஆசை காட்டி இழுக்கறது குறையுது, பழக்கின கம்பெனி போட்டதை எடுக்க முடியுது. இன்னொரு விளைவும் இருக்கு. பழகாத ஆளுக்கும் அடிமட்டச் சம்பளம் உசரமா இருக்கு. அப்படின்னா அவனைச் சும்மா வச்சிருக்கறதைவிடப் பழக்கிவிடறதே கம்பெனிக்கு லாபம்.

பிரிட்டன் பயிற்சியை மட்டும் தனியாச் சரிபண்ணப் பாத்தது. 1964ல தொழிற்பயிற்சிச் சட்டம் கொண்டுவந்து, எல்லாக் கம்பெனிகிட்டயும் தீர்வை வசூலிச்சு, பழக்கறவங்களுக்கு மானியம் கொடுத்தது. சம்பளப் பேச்சு பழையபடி பட்டறைக்குப் பட்டறை தனியாவே நடந்தது. 1980களோட தொடக்கத்துல அந்தப் பயிற்சி வாரியங்கள்ல பெரும்பாலானதைக் கலைச்சுட்டாங்க.

1961: நாம எடுத்துக்கிட்ட பாதி

நம்ம அப்ரண்டிஸ் சட்டம் 1961ல வந்தது. படிச்சுப் பாத்தா ஜெர்மன் வாடை அடிக்கும். ஒப்பந்தம் உண்டு, பாடத்திட்டம் உண்டு, தேசிய அளவில் தேர்வும் சான்றிதழும் உண்டு. 2019ல திருத்தின விதிப்படி 30 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற நிறுவனம் தன் ஆள்பலத்துல 2.5லிருந்து 15 சதவீதம் வரைக்கும் அப்ரண்டிஸ் எடுக்கணும். குறைந்தபட்ச ஸ்டைபண்ட் படிப்பைப் பொறுத்து 5,000லிருந்து 9,000 ரூபாய்னு வச்சாங்க.

ஆனா ரெண்டு பிரிவுகளைக் கவனிங்க. பிரிவு 18 அப்ரண்டிஸ் தொழிலாளி இல்லை, பயிற்சியாளர்னு சொல்லுது. தொழிலாளர் சட்டங்கள் அவனுக்குப் பொருந்தாது. பிரிவு 22 படி, பயிற்சி முடிஞ்சதும் வேலை கொடுக்கணும்கற கட்டாயம் முதலாளிக்கு இல்லை. ஜெர்மனியிலயும் பயிற்சி முடிஞ்சவனை வச்சுக்கணும்னு சட்டம் கட்டாயப்படுத்தல. ஆனா அங்க பழகறவனோட உதவித்தொகையையே சங்கம் ஒப்பந்தத்துல பேசுது, ஆலைக்குள்ள தொழிலாளர் குழு கண்காணிக்குது, சான்றிதழுக்கு வெளியில ஒரு விலை இருக்கு. இங்க சான்றிதழ் இருக்கு, அது போய்ப் பூட்டிக்க ஒரு சம்பளப் படி இல்லை. குறைந்தபட்சக் கூலி அட்டவணையில திறன்பெற்றவர், பாதித் திறன்பெற்றவர்னு பிரிவு இருக்கறது உண்மைதான். ஆனா அது தரைமட்டம், பெரிய ஆலைச் சம்பளத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

அந்த இடைவெளியிலதான் டிரெய்னிங்கற வார்த்தை மலிவான ஆளுக்குப் பெயரா மாறுது. எது உண்மையான பயிற்சின்னு கண்டுபிடிக்க மூணு கேள்வி போதும். பையன் எத்தனை மெஷின் மாறினான்? தேர்வு யார் வச்சாங்க? முடிச்சவங்க இப்போ எங்க இருக்காங்க? லைன்ல ஒரே ஸ்டேஷன்ல ரெண்டு வருஷம் நின்னவன் பழகினது அந்த ஒரு ஸ்டேஷனை மட்டும்தான்.

மறைமலை நகர்

நம்ம பக்கம் சம்பளம் எப்படி முடிவாகுது? யூனியன்காரங்களைக் கேட்டா 'பன்னெண்டு மூணு'ம்பாங்க. 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தோட 12(3) பிரிவுல, தொழிலாளர் துறை அதிகாரி முன்னால போடற செட்டில்மென்ட். அது அந்த ஆலையில இருக்கற எல்லாத் தொழிலாளியையும் கட்டுப்படுத்தும். ஆனா அந்த ஆலையோட முடிஞ்சுது. பக்கத்து ஆலைக்கு அதுல பங்கு இல்லை. சட்டம் பின்னாடி புதுத் தொகுப்புக்குள்ள போனாலும் பழக்கம் இதுதான்.

ஆலையோட எல்லையிலேயே சம்பளம் நின்னுட்டா என்ன நடக்கும்னு ஃபோர்டு காட்டிச்சு. 2021 செப்டம்பர்ல இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தறதா அந்தக் கம்பெனி அறிவிச்சது. 2022ல மறைமலை நகர் ஆலையில கார் தயாரிப்பு நின்னது. யூனியனும் நிர்வாகமும் மாசக்கணக்குல பேசினது எதைப் பத்தி? ஒரு வருஷ சர்வீசுக்கு எத்தனை நாள் சம்பளம் இழப்பீடுங்கறதைப் பத்தி. சங்கம் பேசினதுல தப்பு சொல்ல முடியாது, அவங்க கையில இருந்த ஒரே அளவுகோல் அதுதான். ஆனா அந்த அளவுகோல் அளந்தது ஒரே வாசலுக்குள்ள கழிஞ்ச வருஷங்களை. இருபது வருஷம் கார் கட்டின கை அடுத்த ஆலைக்குப் போனா, பழைய சம்பளப் படியை ஏத்துக்கணும்கற கடமை அங்க யாருக்கும் இல்லை. ஒப்பந்தத்துல சேர்ந்திருக்கற ஒரு ஜெர்மன் ஆலை மூடினா, அதே ஒப்பந்தத்துல இருக்கற வேற ஆலைக்குப் போறவன் சம்பளப் பேச்சை மூலைச் சம்பளத்துலேருந்து ஆரம்பிப்பான். அங்கயும் வேலை போறது போறதுதான், ஆனா தொழில் அவனோடயே வரும்.

இந்தியாவுக்குள்ளயே ஒரு விதிவிலக்கு

இந்தியாவுல இது நடக்கவே நடக்காதுன்னு நினைக்க வேண்டாம். வங்கிகளைப் பாருங்க. 1966ல முதல் இருதரப்பு ஒப்பந்தம் போட்டாங்க. இந்திய வங்கிகள் சங்கம் ஒரு பக்கம், ஊழியர் சங்கங்கள் மறு பக்கம். அதுலேருந்து இன்னைவரைக்கும் கிளார்க் சம்பளம் வங்கிக்கு வங்கி தனியாப் பேசப்படறதில்லை. சங்கங்கள் பல அரசியல் நிறத்துல இருந்தும் ஒரே மேசையில உட்கார்றாங்க. அந்தச் சம்பளத்தை ஏத்துக்கிட்ட ஒரு அரசு வங்கி பழக்கின கிளார்க்கை இன்னொரு அரசு வங்கி கூடச் சம்பளம் காட்டி இழுக்கறது வழக்கத்துல இல்லை. வங்கிகள் தங்களுக்குன்னு பயிற்சிக் கல்லூரிகள் நடத்தறதுக்குப் பின்னால இதுவும் ஒரு காரணம். பெரிய முதலாளி அரசாங்கமா இருந்ததால இது சாத்தியமாச்சுங்கறதையும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு நாட்டுலேருந்து வந்த கார் கம்பெனிகளை ஒரே மேசைக்குக் கூட்டிவர அப்படி ஒரு கை இல்லை.

ஜெர்மனியைச் சொர்க்கம்னு எழுதிடாதீங்க. அங்கயும் ஒப்பந்தத்துக்குள்ள வர்ற தொழிலாளர் பங்கு குறைஞ்சு, இப்போ ஏறக்குறையப் பாதியில நிக்குது. 2004ல போர்ட்ஸ்ஹைம் ஒப்பந்தம், கம்பெனிகள் சில நிபந்தனையோட பொது ஒப்பந்தத்துலேருந்து விலக வழி விட்டது. தேர்வும் சான்றிதழும் அப்படியே இருந்தாலும், அதைத் தாங்கற சம்பள ஒப்பந்தம் சுருங்கச் சுருங்கப் பழக்கற கம்பெனியும் குறையுமாங்கறதுதான் அங்க நடக்கற விவாதம்.

அதனால தாள்ல இந்தியா எந்தப் பெட்டின்னு தேட வேண்டாம். ஒவ்வொரு தொழிலா எடுத்து, பழக்கின செலவை யார் ஏத்துக்கறாங்க, சான்றிதழுக்கு வாசலுக்கு வெளியில என்ன சம்பளம்னு ரெண்டு பத்தி எழுதுங்க. வங்கிக்கும் கார் ஆலைக்கும் அந்த ரெண்டு பத்தியும் ஒரே மாதிரி வராது. உங்க ஒப்பீடு அங்கேருந்து ஆரம்பிக்கலாம்.