புகைப்படமெடுத்த பக்கத்தில் நேரிய சமன்பாடுகளும் அசமன்பாடுகளும்

ஒரே இரண்டு மாறிகளைக் கொண்ட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நேரிய சமன்பாடுகள் ஒருசேர நிறைவுபெற வேண்டும் என்று கேட்கப்படும்போது அவை ஒருங்கமைந்த நேரிய சமன்பாடுகள் எனப்படும். சமக்குறியின் இடத்தில் <, >, ≤, ≥ ஆகிய குறிகளுள் ஒன்று வரும்போது அது நேரிய அசமன்பாடு ஆகிறது. சமன்பாடு அச்சுத்தளத்தில் ஒரு நேர்கோட்டைத் தருகிறது. அசமன்பாடோ அந்தக் கோட்டின் ஒரு புறத்தில் உள்ள தளம் முழுவதையும், அதாவது ஓர் அரைத்தளத்தைத் தருகிறது. ஆகவே இரண்டு சமன்பாடுகளின் தீர்வு பெரும்பாலும் ஒரு வெட்டும் புள்ளியாகவும், பல அசமன்பாடுகளின் தீர்வு பெரும்பாலும் நிழலிட்டுக் காட்டப்படும் ஒரு பகுதியாகவும் அமைகின்றன. அத்தகைய வரைபடம் அச்சிட்ட பக்கத்திலிருந்து நேரடியாகப் படிக்கப்படாமல் அப்பக்கத்தின் புகைப்படத்திலிருந்து படிக்கப்படும்போது, எதை நம்பலாம், எதைக் கணக்கிட்டே பெற வேண்டும் என்பது தனியாக ஆராயத்தக்க கேள்வியாகிறது.

எடுத்துக்காட்டாக x + 2y ≤ 10, 3x + y ≤ 15, x ≥ 0, y ≥ 0 என்ற தொகுதியைக் கொள்ளலாம். முதல் கோடு (10, 0), (0, 5) ஆகிய புள்ளிகளில் அச்சுகளை வெட்டுகிறது. இரண்டாவது (5, 0), (0, 15) ஆகியவற்றில் வெட்டுகிறது. இரண்டாம் சமன்பாட்டிலிருந்து y = 15 − 3x எனப் பெற்று முதலாவதில் பிரதியிட்டால், x + 30 − 6x = 10 என்றாகி x = 4 என்றும், அதிலிருந்து y = 3 என்றும் கிடைக்கும். எனவே தீர்வுப் பகுதி (0, 0), (5, 0), (4, 3), (0, 5) என்ற நான்கு முனைகளைக் கொண்ட நாற்கரமாகும். இவ்விரு கோடுகளின் சமன்பாடுகளில் உள்ள எண்களைப் பிழையின்றிப் படித்த ஒருவருக்கு அந்த (4, 3) என்ற முனையைப் படத்திலிருந்து அளக்க வேண்டிய தேவையே இல்லை. புகைப்படத்தைப் பொறுத்தவரை இதுவே மிக முக்கியமான உண்மை: படம் எந்த முனை என்று சொல்கிறது, அதன் எண்களைச் சமன்பாடுகளே தருகின்றன.

அளந்தே ஆக வேண்டும் என்ற நிலை, சமன்பாடுகள் அச்சிடப்படாமல் கோடுகள் மட்டுமே பக்கத்தில் இருக்கும்போது வருகிறது. கேமரா பக்கத்துக்குச் செங்குத்தாகப் பிடிக்கப்படாவிட்டால் தொலைவில் உள்ள கட்டங்கள் சிறுத்தும் அருகில் உள்ளவை பெருத்தும் பதிவாகின்றன. நேர்கோடுகள் நேர்கோடுகளாகவே நிற்கும். இரு கோடுகள் வெட்டும் புள்ளி வெட்டும் புள்ளியாகவே நிற்கும். ஒரு புள்ளி கோட்டின் எந்தப் புறத்தில் உள்ளது என்பதும் மாறாது. ஆனால் நீளங்களின் விகிதம் மாறிவிடும். வலப்புறம் விலகிச் செல்லும்படி சாய்ந்த ஒரு பக்கத்தின் படத்தில், x அச்சின் 0 என்ற குறியிலிருந்து 5 என்ற குறி 60 மி.மீ. தொலைவிலும் 10 என்ற குறி 100 மி.மீ. தொலைவிலும் விழுந்துள்ளன என்று கொள்வோம். மேற்கண்ட முனையின் வழியே செல்லும் செங்குத்துக் கட்டக்கோட்டைப் பின்பற்றி அச்சுக்கு வந்தால் அது 50 மி.மீ. தொலைவில் அச்சைத் தொடுகிறது. 100 மி.மீ. என்பது 10 அலகு, ஆகவே 50 மி.மீ. என்பது 5 அலகு என்று கணக்கிடுபவர் தவறான எண்ணைப் பெறுவார். இத்தகைய சாய்வில் தொலைவு d = ax/(1 + bx) என்ற வடிவில் அமையும்; தெரிந்த இரு குறிகளையும் பொருத்தினால் a = 15, b = 0.05 என்று வரும். அதில் x = 4 எனப் பிரதியிட்டால் 60/1.2, அதாவது சரியாக 50 கிடைக்கிறது. ஒரு கோட்டின் மீது மூன்று குறிகள் தெரிந்திருந்தால் அதன் மற்ற எல்லாப் புள்ளிகளையும் இவ்வாறு மீட்கலாம் என்பதும், தளம் முழுவதையும் நேராக்க, எந்த மூன்றும் ஒரே கோட்டில் அமையாத நான்கு புள்ளிகள் போதும் என்பதும் வீழ்ப்பு வடிவியலின் அடிப்படை முடிவுகள். இந்த வரைபடத்தில் (0, 0), (10, 0), (10, 15), (0, 15) ஆகிய கட்ட மூலைகள் அதற்கு வசதியானவை.

இதே சாய்வு இணைகோடுகளின் விஷயத்தில் ஏமாற்றக்கூடியது. x + 2y = 10, x + 2y = 6 ஆகிய இரு கோடுகள் ஒருபோதும் வெட்டிக்கொள்ளாதவை; ஆனால் சாய்த்தெடுத்த படத்தில் அவை ஒரு பக்கமாக நெருங்கி வருவதுபோலத் தோன்றும். அவற்றை நீட்டி வெட்டும் புள்ளி கண்டுபிடிக்க முயல்பவர் இல்லாத தீர்வைத் தேடுகிறார். கெழுக்கள் ஒரே விகிதத்தில் இருந்து, மாறிலிகள் அந்த விகிதத்தில் இல்லையென்றால் தீர்வு இல்லை என்ற சோதனை கண்ணை நம்பாதது. ஆகவே இந்த இடத்தில் அதுவே ஏற்கத்தக்கது.

நிழலைப் படிப்பதில் வேறொரு சிக்கல் உண்டு. சில பாடநூல்கள் வேண்டிய பகுதியை நிழலிடுகின்றன, கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. போன்ற தேர்வுகளில் வேண்டாத பகுதிகளை நிழலிட்டு, வேண்டியதை வெள்ளையாக விட்டு R என்று குறிக்கும் வழக்கம் உள்ளது. பல அசமன்பாடுகள் சேரும்போது இரண்டாம் முறையே தெளிவானது என்று கூறலாம், ஏனெனில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் சாய்கோடுகள் படத்தில் ஒரே கருமையாகிவிட, வெள்ளைப் பகுதி மட்டும் மாறாமல் நிற்கிறது. எந்த முறை பயன்பட்டுள்ளது என்பதை ஒரு சோதனைப் புள்ளி காட்டும். (1, 1) என்ற புள்ளியில் x + 2y இன் மதிப்பு 3, 3x + y இன் மதிப்பு 4; இரண்டும் நிபந்தனைக்குள் அடங்குவதால் அப்புள்ளி தீர்வுப் பகுதியில் உள்ளது. அது படத்தில் வெள்ளையாக இருந்தால் நிழல் வேண்டாததைக் குறிக்கிறது. ஆதிப்புள்ளி இங்கே எல்லைக் கோடுகளின் மேலேயே அமைவதால் சோதனைக்கு அது உதவாது. படமெடுத்தவரின் கையோ கைப்பேசியோ விழுத்திய நிழலும் சில நேரங்களில் நிழலிட்ட பகுதியாக மயங்கவைக்கும். வரையப்பட்ட நிழல் எல்லைக் கோட்டில் சரியாக முடியும்; வெளிச்சக் குறைவால் வந்தது கோடு, அச்சு, எழுத்து எதையும் பொருட்படுத்தாமல் பக்கத்தின் ஓரம் வரை பரவும்.

குறிகளில் நுண்ணிய இழப்பு ≤ என்பதன் கீழ்க்கோடு மங்கி < எனத் தோன்றுவதாகும். இதற்குத் துணையாக எல்லைக் கோட்டைப் பார்க்கலாம்: ≤ எனில் கோடு தொடர்ச்சியாகவும், < எனில் விட்டுவிட்டும் வரையப்படும். ஆனால் மங்கிய படத்தில் விட்டுவிட்டு வரைந்த கோட்டின் இடைவெளிகள் நிரம்பிவிடக்கூடும் என்பதால், இரண்டும் ஒத்துப்போகும்போதே நம்ப வேண்டும். எண்களிலும் இதே குறுக்குச் சரிபார்ப்பு பயன்படுகிறது. 3x + y ≤ 15 என்பது 8x + y ≤ 15 எனப் படிக்கப்பட்டால் கோடு x அச்சை 1.875 இல் வெட்ட வேண்டும். படத்திலோ அது 5 என்ற குறியில் வெட்டுகிறது, ஆகவே பிழை உடனே வெளிப்படும். கழித்தல் குறி மங்கிப்போனாலும் கோட்டின் சாய்வுத் திசை அதைக் காட்டிக்கொடுக்கும்.

இந்த மீட்பு முறைகள் யாவும் பக்கம் சமதளமாக இருந்தது என்ற அனுமானத்தின் மேல் நிற்கின்றன. தடித்த நூலின் நடு மடிப்பருகே தாள் வளைந்திருந்தால், அளவுகோலால் வரையப்பட்ட அச்சே படத்தில் வில்லாக வளைந்து தெரியும். அதன் இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்துப் பார்த்து நடுவில் இடைவெளி தென்பட்டால், நான்கு மூலைகளைக் கொண்டு செய்த திருத்தம் அங்கே செல்லாது. அப்போது ஒவ்வொரு முனையையும் அதைச் சுற்றியுள்ள ஒரு சிறு கட்டத்தின் குறிகளோடு மட்டும் ஒப்பிட்டுப் படிப்பதே நம்பகமானது.