ஒரே இருட்டை 342 தரம் பார்த்த கதை

இருட்டுக்குள்ள போனால் படம் எடுக்கும்போது, கொஞ்ச நேரம் ஆடாமல் பிடிக்கச் சொல்லிக் கேட்கும். அந்த ரெண்டு மூன்று செக்கனுக்குள் அது ஒரு படம் எடுக்கிறதில்லை. கனக்கக் குட்டிப் படங்களை எடுத்து, ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கித்தான் எங்களுக்கு ஒரு படத்தைக் காட்டுகிறது. வானியலாளர்கள் இதே வேலையைப் போனுக்கு முதலே செய்தவர்கள். அதில் ஒரு தரம், ஒருவர் தன்ர பதவியின் பெயரையே பணயம் வைத்துச் செய்தார். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் பழைய முறை. 1880 செப்டெம்பர் 30 இரவு, ஹென்றி ட்ரேப்பர் என்ற அமெரிக்க வைத்தியர் ஒராயன் நெபுலாவை முதன்முதலாகப் புகைப்படம் எடுத்தார். 51 நிமிடம் கமரா திறந்தே இருந்தது. 1882இல் திரும்ப எடுத்தபோது 137 நிமிடம். கண் ஒரு கணத்தில் பிடித்த ஒளியை அடுத்த கணம் மறந்துவிடும். புகைப்படத் தட்டு மறக்காது, சேர்த்துக்கொண்டே போகும். அதனால் மங்கலான பொருள் வேண்டுமென்றால் நேரத்தைக் கூட்டுவதுதான் ஒரே வழி என்று இருந்தது. ஆனால் பூமி சுற்றுகிறது, வானம் நகர்கிறது. வழிகாட்டி நட்சத்திரம் ஒன்றில் கண்ணை வைத்தபடி, தொலைகாட்டியை மெல்ல மெல்லத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். இரண்டாவது மணித்தியாலத்தில் ஒரு முகில் வந்தாலோ, காற்று தொலைகாட்டியைத் தட்டினாலோ அந்த இரவே போச்சு. எல்லாம் ஒரே தட்டில்தானே இருக்கு.

தட்டுகளையும் அடுக்கலாம் என்று பிறகு காட்டினவர்கள் உண்டு. அவுஸ்திரேலியாவில் வேலை செய்த டேவிட் மாலின், ஒரே வானப் பகுதியின் பல தட்டுகளை இருட்டறையில் ஒன்றாகச் சேர்த்து, தனித் தட்டில் தெரியாத மங்கலை வெளியே கொண்டுவந்தார். ஆனால் அது மிகவும் பொறுமையான கைவேலை. வழியை உண்மையில் இலகுவாக்கியது 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் வில்லர்ட் பொய்லும் ஜோர்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சீசீடி என்ற சென்சர். அது ஒளியை இலத்திரன்களாக மாற்றி, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கும். எண் என்றால் கூட்டலாம், கழிக்கலாம், பிழையானதைத் தூக்கி எறியலாம்.

இனி 1995. ஹபிள் தொலைகாட்டியை நடத்தும் நிறுவனத்தின் பணிப்பாளராக றொபர்ட் வில்லியம்ஸ் இருந்தார். பணிப்பாளருக்கென்று ஒவ்வொரு வருடமும் தொலைகாட்டி நேரத்தில் ஒரு பங்கு உண்டு. அதைப் பெருங்கரடி விண்மீன் கூட்டத்தில், பிரகாசமாக ஒன்றுமே இல்லாத ஒரு குட்டி இடத்தைப் பார்ப்பதற்குச் செலவழிக்க அவர் முடிவெடுத்தார். அங்கே பெரிதாகப் புதிதாக ஒன்றும் தெரியாது என்று நினைத்த பெரிய விஞ்ஞானிகள் இருந்தார்கள். ஹபிளின் கண்ணாடி பிழையென்று உலகமே சிரித்து, அதைத் திருத்தி ரெண்டே வருடம். வெறும் இருட்டு வந்திருந்தால் பழி முழுக்க அவருக்குத்தான்.

டிசெம்பர் 18 முதல் 28 வரை பத்து நாட்கள், 342 படங்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றும் 15 முதல் 40 நிமிடம். எங்களுக்கு இது நீளமாகத் தெரியும். ஆனால் மொத்தமாக நூறு மணித்தியாலத்தைத் தாண்டின ஒரு பார்வையில் இவை சின்னத் துண்டுகள்தான்.

துண்டுகளைக் கூட்டினால் ஏன் மங்கல் தெரிகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மிக மங்கலான ஒரு கலக்ஸி, ஒவ்வொரு படத்திலும் ஒரு பிக்சலுக்கு 2 இலத்திரன் தருகிறது என்று வையுங்கோ. அதே பிக்சலில் வானத்தின் பின்னணி ஒளி 100 இலத்திரன். ஒளி மழைத்துளி போல ஒழுங்கில்லாமல் விழுவதால், அந்த 100 சிலநேரம் 90 ஆகும், சிலநேரம் 110 ஆகும். இந்த ஆட்டத்தின் அளவு 100இன் வர்க்கமூலம், அதாவது 10. இதைத்தான் இரைச்சல் என்கிறோம். 10 இலத்திரன் ஆட்டத்துக்குள் 2 இலத்திரன் எப்படித் தெரியும்? தெரியாது.

இப்ப 100 படத்தைக் கூட்டுங்கோ. கலக்ஸியின் பங்கு ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகக் கூடி 200 ஆகிறது. ஆட்டம் கூடும் குறையுமாக ஒன்றையொன்று கொஞ்சம் அழித்துக்கொள்வதால், நூறு மடங்காகாமல் பத்து மடங்குதான் கூடுகிறது: 100. இப்ப கலக்ஸி ஆட்டத்தைவிட இரண்டு மடங்கு. 900 படம் என்றால் ஆறு மடங்கு, இனிச் சந்தேகமில்லை. ஆனால் விலையையும் கவனியுங்கோ. தெளிவு இரட்டிக்க, படங்கள் நான்கு மடங்கு வேண்டும்.

அப்ப ஒரு செக்கன் படங்களாக ஆயிரக்கணக்கில் எடுத்தால் என்ன? அங்கேதான் சென்சர் இடையில் வருகிறது. ஒவ்வொரு தரமும் எண்ணை வாசிக்கும்போது சென்சர் தன்ர பங்குக்கு ஒரு ஆட்டத்தைச் சேர்க்கும். 5 இலத்திரன் என்று வைப்போம். வானம் செக்கனுக்கு 1 இலத்திரன் தருகிறது. ஒரு மணித்தியாலத்தை ஒரே படமாக எடுத்தால் மொத்த இரைச்சல் 60 அளவில். 60 ஒரு நிமிடப் படங்களாக எடுத்தால் 71. 3600 ஒரு செக்கன் படங்களாக எடுத்தால் 306! வானத்தின் இரைச்சலைச் சென்சரின் இரைச்சல் மூழ்கடிக்கும் அளவுக்குப் படத்தைக் குறுக்கக்கூடாது என்பதுதான் விதி. விண்வெளியில் பின்னணி மிக இருட்டு, அதனால் ஹபிளுக்குப் பல நிமிடத் துண்டுகள் தேவைப்பட்டன. தெருவிளக்கு வெளிச்சம் உள்ள ஊரில் வானமே பத்து மடங்கு பிரகாசம் என்றால், ஒரு நிமிடத் துண்டுகளால் வரும் நட்டம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை: 190க்குப் பதில் 194.

துண்டாக்கினதால் இன்னொரு லாபம். விண்வெளியில் கொஸ்மிக் கதிர்கள் சென்சரை ஓயாமல் தாக்கி, வெள்ளைப் புள்ளிகளையும் கீறல்களையும் விட்டுவிட்டுப் போகும். ஒரே நீளப் படமென்றால் அது நட்சத்திரமா கீறலா என்று பிரிப்பதே பாடு. பல படங்கள் இருந்தால், ஒரு பிக்சலின் எண்களை வரிசையாக வைத்துப் பார்க்கலாம்: 101, 97, 104, 5200, 99. அந்த 5200 எங்களைச் சேர்ந்தது இல்லை. அதை மட்டும் எறிந்துவிட்டு மிச்சத்தைக் கூட்டலாம். இன்று ஊரில் நின்று எடுப்பவர்கள் விமானக் கோட்டையும் செய்மதிக் கோட்டையும் நீக்குவது இதே வழியில்தான்.

ஆனால் கூட்டலால் தீராத பிழையும் உண்டு. ஒரு பிக்சல் எப்போதும் கூடுதலாகவே காட்டினால், அதுவும் கலக்ஸியைப் போலவே ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகக் கூடும். படங்கள் கூடக் கூடப் பொய்யும் உறுதியாகும். இதற்காக ஹபிளைப் படங்களுக்கிடையில் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தினார்கள். வானத்துக்கு ஏற்றமாதிரிப் படங்களைப் பொருத்தும்போது நட்சத்திரங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும், கெட்ட பிக்சல் ஒவ்வொரு படத்திலும் வேறுவேறு இடத்தில் விழும். நகர்வு எல்லாம் ஒரே திசையில் மெதுவாக இருந்துவிட்டால் இறுதிப் படத்தில் மழை பெய்ததுபோல ஒரே சாய்வில் கோடுகள் தெரியும். அதைக் கண்டால் காரணம் வானமில்லை, சென்சர் என்று பிடித்துக்கொள்ளலாம்.

அந்தச் சிறு நகர்வில் இன்னொன்றும் கிடைத்தது. ஒவ்வொரு படமும் ஒரே இடத்தைப் பிக்சலின் ஒரு பின்னம் தள்ளிப் பார்த்ததால், அன்ட்ரூ ஃபிரக்டரும் றிச்சர்ட் ஹூக்கும் எழுதிய ‘ட்ரிஸில்’ என்ற முறையால், அகலமான பிக்சல்களில் தொலைந்த நுணுக்கத்தையும் ஓரளவு மீட்டார்கள். ட்ரிஸில் என்றால் தூறல். ஒவ்வொரு பிக்சலின் ஒளியையும் சின்னத் துளியாக்கி, இன்னும் நெருக்கமான கட்டங்களில் விழுத்துவதால் அந்தப் பெயர்.

1996 ஜனவரியில் படம் வெளியானது. ‘ஒன்றுமில்லாத’ அந்த இடத்தில் கிட்டத்தட்ட 3000 கலக்ஸிகள் இருந்தன. தரவை வில்லியம்ஸ் குழு தங்களுக்குள் வைத்துக்கொள்ளவில்லை, எல்லாருக்கும் திறந்தே விட்டது. சில வருடங்களில் ஹபிள் அதே வேலையை வேறொரு இருட்டில் செய்தது. இம்முறை 800 படங்கள், மொத்தம் பத்து லட்சம் செக்கன், ஏறத்தாழ 10,000 கலக்ஸிகள். ட்ரேப்பரின் தட்டில் ஒரு முகில் வந்தால் இரவு முழுவதும் போயிருக்கும். இங்கே ஒரு படம் கெட்டுப்போனால் போவது 800இல் ஒன்றுதான்.