நன்றி நவிலலும் விளம்பரமும்: ஒரு கிராமத்துச் சுற்றுப்போட்டியின் கதை

எமது பத்திரிகைகளின் உட்பக்கங்களில், மரண அறிவித்தல்களுக்கும் காணி விற்பனை அறிவித்தல்களுக்கும் நடுவே, "நன்றி நவிலல்" என்ற தலைப்பில் ஒரு சிறு பெட்டிச் செய்தி அடிக்கடி இடம்பெறும். பெரும்பாலும் அது முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலியோடு சேர்ந்து வரும். இறுதிக் கிரியைகளில் கலந்துகொண்டோர், மலர்வளையம் வைத்தோர், உணவளித்தோர், பந்தல் போட்டோர் என அனைவருக்கும் குடும்பத்தினர் நன்றி கூறுவர். இதே வடிவத்தை எமது ஊர் விளையாட்டுக் கழகங்கள் இரவல் வாங்கிக்கொண்டன. துடுப்பாட்டச் சுற்றுப்போட்டி முடிந்ததும், அதற்கு அனுசரணை வழங்கிய கடைக்காரருக்கு நன்றி கூறி ஓர் அறிவித்தல் வரும். அதன் அடியில் கடையின் முகவரியும் தொலைபேசி இலக்கமும் தவறாமல் இருக்கும். இது நன்றியா, விளம்பரமா என்று கேட்டால், இரண்டுந்தான் என்பதே விடை. எனினும் இவ்விரண்டும் எந்த அளவில் கலந்தன என்பதில் ஒரு வரலாறு உண்டு.

யாழ்ப்பாணத்து மனத்திற்கு அனுசரணை என்பது புதிய எண்ணம் அன்று. கோயில் திருவிழாக்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் ஓர் உபயகாரர் இருப்பார். விழா விஞ்ஞாபனத்தில் இன்ன நாள், இன்ன திருவிழா, இன்னார் உபயம் என்று அச்சாகும். ஒருவர் பெயருக்குப் பதிலாக ஒரு தெருவின் வர்த்தகர்கள் அனைவரும் சேர்ந்து உபயம் ஏற்பதும் உண்டு. அங்கே பெயர் போடுவது மரியாதை. ஆனால் என்ன விற்கிறார் என்பதை விஞ்ஞாபனத்தின் உபயப் பட்டியலில் எவரும் எழுதுவதில்லை. அது பின்னட்டையில் தனி விளம்பரமாக வரும். உபயத்தையும் விற்பனையையும் ஒரே தாளில் வைத்தாலும், ஒரே வரியில் வைக்கக்கூடாது என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. விளையாட்டு மைதானத்துக்கு வந்தபோதுதான் அந்த விதி தளர்ந்தது.

துடுப்பாட்டத்தைப் பொறுத்தவரை இந்தத் தளர்வு எமக்கு முன்னரே ஏற்பட்டுவிட்டது. 1861ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் ஸ்பையர்ஸ், பொண்ட் என்ற இருவர் உணவு விடுதி நடத்திவந்தனர். இங்கிலாந்திலிருந்து ஓர் அணியைத் தமது செலவில் வரவழைத்தவர்கள் அவர்களே. ஒவ்வொரு வீரருக்கும் 150 பவுணும் பயணச் செலவும் என்று ஒப்பந்தம். எச்.எச். ஸ்டீபன்சன் தலைமையிலான அந்த அணி 1861 டிசம்பர் 24ஆம் திகதி மெல்பேர்ணில் வந்திறங்கியது. வண்டியில் ஏற்றி அவர்களை ஊர்வலமாக அழைத்துச் சென்ற இடம் மைதானம் அன்று. அந்த இருவரின் உணவு விடுதிதான். 1862 ஜனவரி முதலாம் திகதி தொடங்கிய முதலாவது ஆட்டத்தில், விக்ரோறியாவின் பதினெண்மர் அணியை விருந்தினர் எளிதாக வென்றனர். ஆட்டம் ஒருபக்கமாக இருந்தாலும் சனம் திரண்டது. அந்தச் சுற்றுப்பயணத்தில் ஏறத்தாழ 11,000 பவுண் இலாபம் கிடைத்ததாகக் கூறப்படுகின்றது. நுழைவுச் சீட்டின் வருமானமும், பந்தலில் விற்ற உணவும் பானமும், ஊரெங்கும் பரவிய கடையின் பெயரும் ஒன்றோடொன்று பின்னியிருந்தன. அவ்விருவரும் பின்னர் லண்டனுக்குச் சென்று பெரும் விடுதிக்காரராயினர்.

அவர்கள் அடைந்த பயனை வேறு பலர் அடையவில்லை. 1963இல் இங்கிலாந்தின் மாவட்ட அணிகளுக்கான மட்டுப்படுத்தப்பட்ட ஓவர் போட்டிக்கு ஜில்லெற் நிறுவனம் 6,500 பவுண் வழங்கியது. கிண்ணத்துக்கே அதன் பெயர் வந்தது. 1980இல் நிறுவனம் விலகியபோது கூறப்பட்ட காரணம் சுவாரசியமானது. அந்தப் பெயரைக் கேட்டதும் மக்களுக்குத் துடுப்பாட்டம் நினைவுக்கு வந்ததாம். சவர அலகு நினைவுக்கு வரவில்லையாம். அதாவது நன்றி மிகுந்து, விளம்பரம் மறைந்துவிட்டது.

கிராமத் துடுப்பாட்டத்தில் இதே பரிசோதனை 1972இல் நடந்தது. இங்கிலாந்தின் கிராம அணிகளுக்கான தேசிய சுற்றுப்போட்டி அவ்வாண்டில் தொடங்கியபோது, அனுசரணை வழங்கியது ஹேய்க் என்ற விஸ்கி நிறுவனம். இறுதியாட்டம் லோர்ட்ஸ் மைதானத்தில் நடைபெற்றது. கோர்ண்வோல் மாவட்டத்தின் ட்ரூன் கிராமம் முதலாவது கிண்ணத்தைப் பெற்றது. எமது நாட்டில் இன்று இத்தகைய அனுசரணைக்கு இடமில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம், இவ்வுற்பத்திகளின் விளம்பரத்தோடு விளையாட்டு நிகழ்வுகளுக்கான அனுசரணையையும் தடைசெய்தது. எனவே ஊர்க் கழகங்கள் நாடக்கூடியவர்கள் நகைக்கடைக்காரர், புடைவைக் கடைக்காரர், பலசரக்குக் கடைக்காரர், கட்டடப் பொருள் வியாபாரி ஆகியோரே. அவர்களும் ஊரவர்களே. நன்றி கூறுவோரும் வாடிக்கையாளரும் ஒருவரே என்பதால்தான் ஊர் அனுசரணையில் எழுத்து மிகவும் நுணுக்கமாகிறது.

இனி ஓர் உதாரணம். 2016ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கின் ஒரு கிராமத்தில் நடைபெற்ற மென்பந்துச் சுற்றுப்போட்டியின் நன்றி அறிவித்தல் என் கண்முன்னே எழுதப்பட்டது. ஊரின் பெயரையும் கடையின் பெயரையும் இங்கு தவிர்க்கிறேன். 1990இல் இடம்பெயர்ந்த அந்த ஊர்ச் சனம், உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது திரும்பி வந்தது. வீடுகள் சுவர் மட்டத்தில் நின்றன. மைதானம் பற்றைக்காடாக இருந்தது. அருகிலுள்ள சந்தியில் ஒருவர் சீமெந்தும் கம்பியும் கூரைத்தகடும் விற்கும் கடை வைத்தார். வீடமைப்புத் திட்டப் பணம் பகுதி பகுதியாக வந்தமையால், ஒரு கட்டணம் கையில் கிடைத்து அடுத்தது வரும்வரை கடனுக்குப் பொருள் கொடுப்பவரே ஊருக்குத் தேவைப்பட்டார். அவர் கொடுத்தார். அதனால் அவருக்கு வியாபாரமும் நடந்தது.

பதினாறு அணிகள் பங்குபற்றின. தோற்ற அணி வெளியேறும் முறையில் ஒரு கிண்ணத்துக்கு அணிகளின் எண்ணிக்கையிலும் ஒன்று குறைவாக, அதாவது பதினைந்து ஆட்டங்கள் நடக்கும். ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒலிபெருக்கியில் அனுசரணையாளரின் பெயர் சொல்வது வழக்கம். ஆகவே இரண்டு வார இறுதிகளில் முப்பது தடவை கடையின் பெயர் ஒலித்தது. கடைக்காரர் கொடுத்தவை இவை: முதலாம், இரண்டாம் பரிசுத் தொகை, வெற்றிக்கிண்ணங்கள், கிரவல் ஏற்ற தமது லொறி, சீமெந்து ஆடுகளத்துக்கான பொருள்கள். இவற்றுள் கடைசியானதில் ஒரு சிக்கல் இருந்தது. சீமெந்தின் ஒரு பகுதியை மட்டுமே அவர் இலவசமாகத் தந்தார். மீதியைக் கழகம் கொள்விலைக்கு வாங்கியது. பரிசுத் தொகை ஒரு நாளில் போய்விடும். ஆடுகளம் நிலைத்து நிற்கும். எனவே நன்றியில் எதை முதலில் எழுதுவது என்ற கேள்வி எழுந்தது.

கழகத்தின் இளம் செயலாளர் எழுதிய முதல் வரைவில் கொடைவள்ளல், சமூகச் சிற்பி, தொழிலதிபர் என்று மூன்று பட்டங்கள் இருந்தன. கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, "தம்பி, உந்தப் பட்டங்களை எடுத்துவிடுங்கோ. என்னட்டைக் கடனுக்குச் சீமெந்து வாங்கின சனம் இதை வாசிச்சுச் சிரிக்கும். என்ன தந்தனானோ அதைப் போடுங்கோ. நான் தராததைப் போடாதேங்கோ. போன் நம்பரை மட்டும் சரியாய்ப் போடுங்கோ" என்றார். கழகத் தலைவருக்கோ வேறு கவலை. முழுவதும் கடையைப் பற்றியே எழுதினால், தேநீர் ஊற்றிய பெண்களும், அணிகளைத் தம் வீட்டு முற்றத்தில் ஓய்வெடுக்க விட்டவர்களும், பற்றை வெட்டிய பெடியளும் மனம் நோவார்கள் என்றார். ஊரில் விடுபட்ட ஒரு பெயர், அச்சான நூறு பெயர்களைவிட உரக்கப் பேசும்.

இறுதியில் அறிவித்தல் இரு பகுதிகளாயிற்று. மேற்பகுதி இவ்வாறு அமைந்தது: "எமது சுற்றுப்போட்டிக்குப் பரிசுத் தொகையும் கிண்ணங்களும் வழங்கியும், ஆடுகளத்துக்குரிய சீமெந்தில் ஒரு பகுதியை நன்கொடையாகவும் மீதியைக் கொள்விலையிலும் தந்தும் உதவிய அனுசரணையாளருக்கும், மைதானத்தைத் துப்புரவாக்கிய இளைஞர்களுக்கும், உணவும் தேநீரும் தந்த தாய்மாருக்கும் எமது நன்றிகள்." ஒரு கோட்டுக்குக் கீழே, "விளம்பரம்" என்ற சொல்லின் அடியில், கடையின் பெயரும் பொருள்களும் இலக்கமும். கோயில் விஞ்ஞாபனத்தின் பழைய விதி இவ்வாறு மைதானத்துக்கு மீண்டு வந்தது.

இந்த அறிவித்தலில் கற்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கொடுத்தது இன்னது என்று சொல்லும் நன்றி, வாசகருக்குச் சரிபார்க்கக் கூடிய செய்தியாகிறது. பட்டங்கள் மட்டும் நிறைந்த நன்றி வெறும் விளம்பரமே. அடுத்ததாக வெளியாகும் காலத்தைக் கவனிக்க வேண்டும். போட்டிக்கு முன் வருவது வாக்குறுதியை நம்பிய அறிவித்தல். போட்டிக்குப் பின் வருவது கைக்குக் கிடைத்ததற்கான அத்தாட்சி. பிரதான அனுசரணையாளர் என்று பதாகையில் பெயர் எழுதிவிட்டு, சொன்ன தொகையில் பாதியோடு ஒருவர் ஒதுங்கிக்கொண்ட கதைகளை நான் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். அப்படி நேர்ந்த கழகங்களின் நன்றி அறிவித்தல்களைப் படித்தால், "பல வழிகளிலும் உதவிய" என்ற பொதுச் சொல் மட்டும் காணப்படும். எதுவும் குறிப்பாகச் சொல்லப்படாத இடத்தில் ஏதோ குறைவு இருப்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

கடைக்காரருக்கு இதனால் என்ன கிடைத்தது? முப்பது அறிவிப்பாலும் ஓர் அச்சுப் பெட்டியாலும் எத்தனை மூடை சீமெந்து கூடுதலாக விற்றது என்று எவராலும் கணக்கிட முடியாது. அந்தச் சந்தியில் அவர் மட்டுமே அந்த வியாபாரம் செய்தார். சனம் எப்படியும் அவரிடமே வந்திருக்கும். அவர் பெற்றது வேறொன்று. பின்னர் அதே சந்தியில் இன்னொரு கடை திறந்தபோதும் ஊர்க் கழகம் அடுத்த போட்டிக்கு முதலில் போய்க் கேட்டது அவரிடந்தான். விளம்பரம் வாடிக்கையாளரைத் தரலாம்; நன்றி உரிமையைத் தருகிறது.

பத்திரிகையாளன் என்ற முறையில் எனக்கு இவ்வறிவித்தல்களில் வேறொரு மதிப்பும் உண்டு. 1990இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. அதைச் சூழ்ந்த ஊர்கள் காலியாகின. கடைகள் இடிந்தன, பதிவேடுகள் அழிந்தன. ஒரு சந்தியில் எந்தக் கடை இருந்தது, எந்தக் கழகம் இயங்கியது, எத்தனை அணிகள் விளையாடின என்று அறிய இப்போது பல இடங்களில் மிஞ்சியிருப்பவை பழைய பத்திரிகைகளின் இத்தகைய பெட்டிச் செய்திகளே. பணம் கொடுத்துப் போட்ட அறிவித்தல் என்பதால் ஆய்வாளர் இவற்றை ஒதுக்குகின்றனர். ஒதுக்கத் தேவையில்லை. முகவரி தவறினால் வியாபாரம் கெடும் என்பதால் விளம்பரக்காரர் முகவரியைச் சரியாக எழுதுவார். பெயர் விடுபட்டால் ஊரில் சண்டை வரும் என்பதால் கழகச் செயலாளர் பெயர்களைச் சரியாக எழுதுவார். இவ்விரு அச்சங்களும் சேர்ந்து எழுதிய ஆவணம், பல அரச அறிக்கைகளைவிட நம்பத்தக்கது.

அந்த 2016ஆம் ஆண்டு அறிவித்தலைக் கழகத்தார் கத்தரித்துச் சனசமூக நிலையச் சுவரில் ஒட்டினர். அதில் பதினாறு அணிகளின் ஊர்ப்பெயர்களும் உள்ளன. அதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்னர் அவற்றுட் சில, ஆளில்லாத ஊர்கள்.