உடல் பருமன் ஒரு நோயா? சிகாகோவில் நடந்த ஒரு வாக்கெடுப்பின் கதை

இந்த எபிசோடுக்கு விதை போட்டது என் ஆபீஸ் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்தான். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சரி. பிஎம்ஐக்குப் பக்கத்தில் மட்டும் தடித்த எழுத்தில் ஒரு குறி. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்: "வாயைக் கட்டுங்க தம்பி."

வெளியே வந்தபோது ஒரு கேள்வி. தைராய்டு எண் ஏறியிருந்தால் மாத்திரை எழுதியிருப்பார், திட்டியிருக்க மாட்டார். எடை ஏறினால் மட்டும் ஏன் புத்திமதி? அப்போ பருமன் என்பது நோயா, பழக்கமா? இதே கேள்விக்கு ஒரு பெரிய மருத்துவச் சங்கம் ஓட்டுப் போட்டு முடிவு சொல்லியிருக்கு. அந்தக் கதையைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

2013 ஜூன், சிகாகோ. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அதன் பிரதிநிதிகள் அவை முன்னால் ஒரு தீர்மானம்: பருமனை நோய் என்று அங்கீகரிக்க வேண்டும். ஹார்மோன் மருத்துவர்களும் இதய மருத்துவர்களும் சேர்ந்து கொண்டுவந்தது.

இதில் ஒரு சுவாரசியம். சங்கத்தின் சொந்த அறிவியல் குழு அதே கேள்வியை ஒரு வருஷம் ஆராய்ந்து, 'வேண்டாம்' என்று அறிக்கை கொடுத்திருந்தது. பருமனாக இருப்பவர்கள் மேல் அக்கறை இல்லாமல் இல்லை. குழுவின் சிக்கல் அளவுகோலில் இருந்தது.

பிஎம்ஐ என்பது எடையை (கிலோவில்) உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். 1830களில் பெல்ஜியத்தின் கெட்லே என்ற கணிதவியலாளர், மக்கள்தொகையின் 'சராசரி மனிதனை'த் தேடிப் போன வழியில் கண்ட உறவு அது. 1972ல் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரை வைத்தார். தனி ஒருவருக்கு நோய் சொல்வதற்காகப் பிறந்த எண் அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உயரம் 170 செ.மீ. வர்க்கம் 2.89. பருமனுக்கான கோடு 30 என்றால் எடை 86.7 கிலோ. ஆக 86 கிலோவில் நீங்கள் நோயாளி இல்லை, 87 கிலோவில் நோயாளி. இந்தியர்களுக்கு வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்பதால் இங்கே கோட்டை 25க்கு இறக்கியிருக்கிறார்கள். அப்போ அதே உயரத்துக்கு 72.25 கிலோவிலேயே பருமன். விமானம் ஏறி இறங்கினால் நோய் வந்து போகுமா?

இன்னொரு பக்கம், கோட்டுக்கு மேலே இருந்தும் எந்தக் கோளாறும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே இருந்தும் ஈரலில் கொழுப்பு சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு தளர்வான அளவுகோலை வைத்துக்கொண்டு, 'நோய்' என்பதற்கே எல்லோரும் ஒத்துக்கொண்ட வரையறை இல்லாத நிலையில், எப்படி முத்திரை குத்துவது? இதுதான் குழு கேட்டது. நியாயமான கேள்விதான்.

தீர்மானம் கொண்டுவந்தவர்கள் பழியிலிருந்து தொடங்கினார்கள். அதிகம் சாப்பிட்டதால் வந்தது, அதனால் நோய் இல்லை என்கிறீர்களா? சிகரெட் பிடித்ததால் வந்த நுரையீரல் புற்றுநோயையும் அப்படிச் சொல்வீர்களா? எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி, வந்தபின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது வேறு கேள்வி.

உள்ளே நடப்பதற்கு ஆதாரமும் இருந்தது. 1994ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வகம் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. கொழுப்பு எவ்வளவு இருப்பு என்று மூளைக்குத் தகவல் சொல்வது அது. 1995ல் ரூடால்ஃப் லைபெல் குழு காட்டியது இன்னும் முக்கியம்: எடையில் 10 சதவீதம் குறைத்தவர்களின் உடல், அந்தப் புதிய எடைக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறைவான சக்தியைத்தான் செலவழித்தது. இளைத்த உடல் சிக்கனமாகி, பழைய எடைக்கே திரும்பப் பார்க்குது. வாயைக் கட்டினாலும் எடை திரும்பி வருவதற்கு வெறும் சோம்பல் காரணம் இல்லை.

கடைசியில் அவை தன் குழுவின் அறிக்கையை ஓரம் வைத்துவிட்டு, ஏறத்தாழ 60 சதவீத ஓட்டில் 'நோய்' என்று முடிவெடுத்தது.

சரி, பெயர் மாறியதால் என்ன மாறியது? காசு விஷயத்தில் நினைத்த அளவு இல்லை. சங்கத்தின் தீர்மானம் சட்டம் இல்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 'பருமன் ஒரு நோயல்ல' என்ற வரியைத் தன் கையேட்டிலிருந்து 2004லேயே நீக்கிவிட்டது. 2006ல் அறுவை சிகிச்சைக்கும், 2011ல் ஆலோசனைக்கும் பணம் கொடுக்க ஆரம்பித்தது. ஆனால் மருந்துக்கு வழி இருக்கவில்லை. 2003ல் வந்த மருந்துக் காப்பீட்டுச் சட்டம், எடை குறைக்கும் மருந்தை முடி வளர்க்கும் மருந்தோடு ஒரே விலக்குப் பட்டியலில் வைத்திருந்தது. அதாவது அழகு சமாச்சாரம்.

இதன் விளைவு 2024ல் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது 68, உயரம் 170 செ.மீ., எடை 100 கிலோ, பிஎம்ஐ 34.6. ஒருவருக்கு ஏற்கெனவே மாரடைப்பு வந்திருக்கிறது, மற்றவருக்கு இல்லை. அந்த மார்ச்சில் செமாக்ளூடைடு ஊசிக்கு, பருமனோடு இதயநோயும் உள்ளவர்களின் மாரடைப்பு ஆபத்தைக் குறைக்கும் மருந்து என்ற புதிய அனுமதி கிடைத்தது. உடனே முதலாமவருக்கு மெடிகேரில் கதவு திறந்தது. இரண்டாமவர் எடைக்காக மட்டும் கேட்டிருந்தால் அப்போது கிடைத்திருக்காது. சொந்தக் காசில் வாங்கியிருந்தால் அன்றைய பட்டியல் விலை மாதம் 1,300 டாலருக்கு மேல். மருத்துவச் சங்கம் நோய் என்று சொல்லி 11 வருஷம் ஆகியும், மருந்து கிடைக்க இன்னொரு நோயின் பெயர் வேண்டியிருந்தது!

பழி விஷயம் இதைவிடச் சிக்கல். 2014ல் கிரிஸ்டல் ஹாய்ட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்குப் 'பருமன் ஒரு நோய்' என்ற கட்டுரையையும், மற்றவர்களுக்கு வழக்கமான எடைக்கட்டுப்பாட்டு அறிவுரை போன்ற வேறு கட்டுரைகளையும் படிக்கக் கொடுத்தார்கள். 'நோய்' கட்டுரையைப் படித்த பருமனானவர்களுக்குத் தங்கள் உடல் மேல் இருந்த வெறுப்பு குறைந்தது. கூடவே எடை பற்றிய கவலையும் குறைந்தது, பட்டியலில் அதிகக் கலோரி உள்ள சாண்ட்விச்சைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு தடவை தேர்ந்தெடுத்த சாண்ட்விச்சை வைத்து ஒருவரின் வாழ்நாளை முடிவு செய்ய முடியாது. ஆனால் ஒரு விஷயம் தெரியுது: பழியை எடுக்கும் அதே சொல், 'நம்ம கையில் என்ன இருக்கு' என்ற எண்ணத்தையும் கொண்டுவரலாம்.

கதை அங்கே முடியவில்லை. 2023ல் அதே மருத்துவச் சங்கம், பிஎம்ஐயை மட்டும் நம்பக் கூடாது என்று கொள்கை வகுத்தது. பத்து வருஷம் முன்னால் ஓரம் வைத்த குழுவின் ஆட்சேபம், வேறு கதவு வழியாக உள்ளே வந்துவிட்டது. 2025 ஜனவரியில் லான்செட் இதழின் நிபுணர் ஆணையம் கேள்வியையே பிரித்தது. முதலில் இடுப்புச் சுற்றளவு போன்ற இன்னொரு அளவால் கொழுப்பை உறுதி செய்ய வேண்டும். அந்தக் கொழுப்பால் உறுப்புகளோ அன்றாட வேலையோ பாதிக்கப்பட்டிருந்தால் அது நோய். பாதிப்பு இல்லையென்றால் அது ஆபத்து நிலை, கண்காணிக்க வேண்டியது.

எனக்கு இந்தப் பிரிவு பிடிச்சிருக்கு, ஒரு பயத்தோடு. 'ஆபத்து நிலை' என்று எழுதப்பட்டவரிடம் காப்பீட்டுக்காரர், "இன்னும் நோய் முற்றலையே, அப்புறம் வாங்க" என்று சொல்ல வாய்ப்பிருக்கு. முழங்கால் தேய்ந்த பிறகுதான் சிகிச்சை என்றால் யாருக்கு லாபம்?

என் ரிப்போர்ட்டுக்கு வருவோம். லான்செட் முறைப்படி அந்த டாக்டர் இரண்டு வேலை செய்திருக்கணும். ஒரு டேப்பை எடுத்து என் இடுப்பை அளந்திருக்கணும். மாடி ஏறினால் மூச்சு வாங்குதா, தூக்கத்தில் குறட்டை உண்டா, மூட்டு வலிக்குதா என்று கேட்டிருக்கணும். இரண்டு நிமிஷ வேலை. அதன் பிறகு அது நோயோ இல்லையோ, எனக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். கிடைத்தது ஒரு புத்திமதி.